உதடு காயவில்லையா? மாத்திரை உடம்பில் சேருகிறதா என்று பாருங்கள்

ஐசோட்ரெட்டினாயின் கேப்சூல் ஒன்றை ஊசியால் குத்திப் பிதுக்கினால் மஞ்சள் நிறத்தில் கொழகொழப்பான எண்ணெய் வெளியே வரும். மருந்து அந்த எண்ணெயில்தான் கலந்திருக்கிறது. பொடியாக அடைக்காமல் எண்ணெயில் கலந்து மெல்லிய ஜெலட்டின் உறைக்குள் வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் ஏ-யின் உறவான இந்த மருந்து தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். பருவுக்காக இதைச் சாப்பிடுகிற பலருக்கு இந்த ஒரு விஷயம் சரியாகப் போய்ச் சேருவதில்லை. மாத்திரை எத்தனை மில்லிகிராம் என்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியைக்கூட அதை எந்தச் சாப்பாட்டோடு விழுங்குகிறோம் என்பதில் அவர்கள் காட்டுவதில்லை. விளைவு, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டும் பாதி மருந்துக்கான பலன்கூடக் கிடைக்காமல் போகிறது.

அமெரிக்காவில் 1982-இல் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதுவரை முகத்திலும் முதுகிலும் கட்டி கட்டியாக எழும்பி, உள்ளே சீழ் கோத்து, ஆறும்போது குழியாகத் தழும்பு விட்டுப்போகும் பருவுக்கு நிரந்தரமான வைத்தியம் என்று எதுவும் இருக்கவில்லை. களிம்புகளும் ஆன்டிபயாடிக்குகளும் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும், நிறுத்தினால் திரும்ப வரும். ஐசோட்ரெட்டினாயின் நேராகத் தோலின் எண்ணெய்ச் சுரப்பியிடம் போகிறது. சுரப்பியைச் சுருக்குகிறது, சுரக்கும் எண்ணெயை வெகுவாகக் குறைக்கிறது, மயிர்க்காலின் வாயை அடைக்கும் செத்த செல்கள் ஒட்டிக்கொள்ளாமல் உதிரச் செய்கிறது. எண்ணெய் வற்றினால் பருவில் வளரும் கிருமிக்கும் தீனி இல்லை. முறையாகச் சாப்பிட்டு முடித்தவர்களில் பெரும்பாலோருக்குப் பரு மறுபடி அந்த வேகத்தில் வருவதில்லை. “முறையாக” என்ற அந்தச் சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோல் மருத்துவராக நான் பார்த்த ஒரு மாணவரின் கதையை வைத்துச் சொன்னால் புரிவது எளிது. பொறியியல் படிக்கும் பையன், எடை 60 கிலோ, இரண்டு கன்னத்திலும் தாடையிலும் கட்டிப் பரு. முதல் மாதம் தினம் 20 மில்லிகிராம், அடுத்த மாதத்திலிருந்து 40 மில்லிகிராம் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். மூன்றாம் மாத முடிவில் வந்தபோது பரு கொஞ்சம் குறைந்திருந்தது, ஆனால் குறைய வேண்டிய அளவுக்கு இல்லை. என் கண்ணில் முதலில் பட்டது பரு அல்ல, அவருடைய உதடு. சாதாரணமாக, ஈரமாக இருந்தது.

“உதடு காயலையா தம்பி?”

“இல்ல டாக்டர். எனக்கு அந்தத் தொந்தரவே இல்ல.”

“மாத்திரை எப்போ போடுற?”

“காலையில எழுந்ததும் டாக்டர். அம்மா தைராய்டு மாத்திரை போடுவாங்க, அப்பவே நானும் போட்டுக்குவேன். வெறும் வயித்துல.”

அவர் ஒரு நாளும் தவறவிடவில்லை. இருந்தும் மருந்தில் பெரும்பகுதி குடலைத் தாண்டி ரத்தத்துக்குப் போகவே இல்லை. தைராய்டு மாத்திரைக்கு வெறும் வயிறு வேண்டும், இந்த மாத்திரைக்கு அது நேர் எதிரி. வீட்டில் ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறாரோ அப்படியே மற்றவரும் சாப்பிடுவது நம் வீடுகளின் வழக்கம். அதனால் வந்த வினை.

குடலுக்குள் நடப்பது இது. சாப்பாட்டில் கொழுப்பு வந்தால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை ஊற்றும். பித்தநீர் கொழுப்பைப் பொடிப்பொடித் துளிகளாக உடைக்கும். கொழுப்பில் கரையும் மருந்து அந்தத் துளிகளுக்குள் ஏறிக்கொண்டுதான் குடல் சுவரைக் கடக்கிறது. கேப்சூலுக்குள்ளேயே எண்ணெய் இருக்கிறதே என்று கேட்கலாம். அது சில சொட்டு. பித்தப்பையைச் சுருங்க வைக்க அது போதாது. ஆய்வுகளில், கொழுப்பு மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கியவர்களின் ரத்தத்தில் சேர்ந்த மருந்து, வெறும் வயிற்றில் விழுங்கியவர்களுக்குச் சேர்ந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் அதிகம். இன்னொரு விதமாகச் சொன்னால், வெறும் வயிற்றில் 40 மில்லிகிராம் போட்ட பையனுக்கு உடம்பில் சேர்ந்தது, சாப்பாட்டோடு 20 மில்லிகிராம் போட்டால் சேரும் அளவுகூட இல்லை. உணவை அவ்வளவாகச் சார்ந்திராத வேறொரு தயாரிப்பும் உண்டு. அதிலும்கூட வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் கையில் இருப்பது சாதாரணத் தயாரிப்பு என்றே வைத்துக்கொண்டு சாப்பாட்டோடு போடுவது நல்லது.

அந்த ஆய்வுகளில் கொடுத்த சாப்பாட்டில் 50 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருந்தது. வெள்ளைக்காரர்களின் முட்டை, வெண்ணெய், பன்றி இறைச்சிக் காலைச் சாப்பாடு அது. நாம் தினம் அவ்வளவு சாப்பிடத் தேவையில்லை, சாப்பிடவும் கூடாது. ஆனால் நம் சாப்பாட்டில் எதில் கொழுப்பு இருக்கிறது, எதில் இல்லை என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்று இட்லியும் சாம்பாரும் வயிறு நிறைய இருக்கும். கொழுப்பு என்று பார்த்தால் மிகச் சொற்பம். இடியாப்பம், புட்டு, ரசம் சாதம், கஞ்சி, பழம், பிஸ்கட் டீ எல்லாம் அதே கணக்கில்தான் வரும். சாப்பிட்டுவிட்டுத்தானே போட்டேன் என்று சொல்பவர்களில் பலர் இந்த மாதிரிச் சாப்பாட்டுக்குப் பின் போட்டவர்கள்.

அதே மதியச் சாப்பாட்டில் சோற்றில் ஒரு தேக்கரண்டி நெய் விட்டுக்கொண்டால் ஐந்து கிராம் வந்துவிடும். ஒரு முட்டை சேர்த்தால் இன்னொரு ஐந்து. தேங்காய் போட்ட பொரியல், நல்லெண்ணெயில் வைத்த குழம்பு என்று இன்னொரு பத்து கிராம். ஆக இருபது கிராம் சாதாரண வீட்டுச் சாப்பாட்டிலேயே கிடைத்துவிடுகிறது. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குக் கையடக்க வழி வேர்க்கடலை. ஒரு கைப்பிடி, அதாவது முப்பது கிராம் வறுத்த கடலையில் பதினான்கு கிராம் அளவுக்குக் கொழுப்பு இருக்கிறது. ஃபுல் கிரீம் பால் ஒரு டம்ளர் குடித்தால் பன்னிரண்டு கிராம், டோன்ட் பால் என்றால் அதில் பாதி. இரண்டு முட்டை ஆம்லெட், கொழுப்புள்ள மீன் குழம்பு, பனீர் எதுவானாலும் சரி. பூரி, வடை, பரோட்டாவைத் தேடிப் போக வேண்டாம். இந்த மருந்து ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை ஏற்றும் குணமுள்ளது. அதனால்தான் மருந்து தொடங்கும் முன்பும் தொடங்கிய ஒன்றிரண்டு மாதத்திலும் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறோம், கல்லீரலையும் சேர்த்து. மாத்திரை உள்ளே போக வேண்டிய கொழுப்பைக் கடலையிலும் நல்லெண்ணெயிலும் மீனிலும் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். ஆட்டு ஈரலை மட்டும் தள்ளி வையுங்கள். அதில் வைட்டமின் ஏ ஏராளம், மருந்தும் அதே குடும்பம், இரண்டும் சேர்ந்தால் அளவு மிஞ்சும். மீன் எண்ணெய் என்று கடையில் வாங்குவது காட் மீனின் ஈரல் எண்ணெயாக இருந்தால் அதற்கும் இதே விதி. கேரட், பப்பாளி, கீரை இவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டின் நடுவிலோ முடித்த உடனேயோ ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து ஞாபகம் வந்து போட்டால் சாப்பாடு பாதி தூரம் போயிருக்கும். கடிக்கவோ உடைக்கவோ கூடாது. ஒரு நாள் மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டையாகப் போடாதீர்கள். மருத்துவர் ஒரு வேளையாகவும் எழுதலாம், இரு வேளையாகவும் பிரித்து எழுதலாம். இரு வேளை என்றால் இரண்டு சாப்பாட்டிலும் கொழுப்பு இருக்க வேண்டும். காலையில் இட்லியோடு ஒன்று, இரவு முட்டை தோசையோடு ஒன்று என்றால் காலை மாத்திரையில் பாதிக்கு மேல் வீண்.

இனி எடைக் கணக்கு. கட்டிப் பருவுக்கு வழக்கமான அளவு, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் முதல் ஒரு மில்லிகிராம் வரை. 60 கிலோ பையனுக்கு அது 30 முதல் 60 மில்லிகிராம். தொடங்கும்போது அதைவிடக் குறைவாகத் தொடங்குவோம். ஏனென்றால் முதல் சில வாரங்களில் சிலருக்குப் பரு அடங்குவதற்கு முன் ஒரு முறை சீறி எழும். முதலிலேயே அதிக அளவு கொடுத்தால் அந்தச் சீற்றம் கடுமையாக இருக்கக்கூடும்.

தினசரி அளவு ஒன்று, மொத்தமாக உடம்புக்குள் போகும் அளவு இன்னொன்று. மொத்தக் கணக்கு, கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம். நம் மாணவருக்கு 60-ஐ 120-ஆல் பெருக்கினால் 7,200 மில்லிகிராம். முதல் மாதம் தினம் 20 வீதம் 600 ஆயிற்று. மீதி 6,600. தினம் 40 என்றால் மாதத்துக்கு 1,200. ஐந்தரை மாதத்தில் மீதி முடியும். மொத்தம் ஆறரை மாதம். 150 என்ற மேல்வரம்பை எடுத்தால் 9,000 மில்லிகிராம், எட்டு மாதம். “ஆறு மாசக் கோர்ஸ்” என்று மக்கள் சொல்வது இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். எல்லோருக்கும் ஆறு மாதம் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. எடையும் தினசரி அளவும் மாறினால் மாதமும் மாறும். அந்த எண்ணைத் தொட்டதும் நிறுத்திவிடுவதும் இல்லை. அதற்குள் பரு முழுதாக அடங்கி, புதிதாக எதுவும் எழும்பாமல் சில வாரம் ஓடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிப்போம்.

ஒரே 40 மில்லிகிராம், 45 கிலோ பெண்ணுக்குக் கிலோவுக்கு கிட்டத்தட்ட 0.9 ஆகிறது. 85 கிலோ ஆணுக்கு அரையைக்கூடத் தொடவில்லை. அறைத்தோழனுக்குக் கேட்டது என்று அவன் சீட்டைக் காட்டி மாத்திரை வாங்குவது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

கட்டி இல்லாத, நடுத்தரமான பருவுக்கு நம் ஊரில் தினம் 10 அல்லது 20 மில்லிகிராம் என்று குறைந்த அளவில் கொடுப்பதும் உண்டு. வறட்சி குறைவு, செலவு குறைவு, பலர் நன்றாகத் தேறுகிறார்கள். மருத்துவர் அப்படி எழுதியிருந்தால் அளவு போதவில்லையோ என்று நீங்களாக ஏற்றிக்கொள்ள வேண்டாம். ஆனால் தழும்பு விடும் கட்டிப் பருவுக்கு அளவு குறைந்தால், நிறுத்திய பின் பரு திரும்பிவரும் வாய்ப்பு கூடுகிறது. அளவு குறைந்தவர்களில் இரண்டாம் முறை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் அதிகம் என்பது எண்பதுகளின் ஆய்வுகளிலேயே தெரிந்துவிட்டது.

சாப்பாடும் எடைக் கணக்கும் சேரும் இடம் இதுதான். கிலோவுக்கு 120 என்ற கணக்கு, மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுவார்கள் என்ற எண்ணத்தில் போடுகிற கணக்கு. அந்தப் பையன் வெறும் வயிற்றில் ஆறரை மாதத்தையும் ஓட்டியிருந்தால், சீட்டில் 7,200 பூர்த்தியாகியிருக்கும். உடம்பில் அதில் பாதிகூடச் சேர்ந்திருக்காது. சில மாதங்களில் பரு திரும்பியிருக்கும். “எனக்கு இந்த மருந்து ஒத்துக்கல, அதையும் பார்த்தாச்சு” என்று அவர் வேறு எதையோ தேடிப் போயிருப்பார். இன்னொரு ஆபத்தும் இருந்தது. உதட்டைப் பார்க்காமல், சாப்பாட்டைக் கேட்காமல், பலன் போதவில்லை என்று நான் 60 ஆக ஏற்றியிருக்கலாம். பிறகு ஒரு கல்யாண வாரத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு அதே மாத்திரையைப் போட்டால், ரத்தத்தில் ஏறும் அளவு திடீரென்று இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆகவே மாத்திரையை ஏற்றவில்லை. அதே 40-ஐ மதியச் சாப்பாட்டோடு, நெய்யும் முட்டையும் சேர்த்துப் போடச் சொன்னேன். வெறும் வயிற்றிலிருந்து சாப்பாட்டுக்கு மாறுவதே அளவை இரட்டிப்பாக்குவதற்குச் சமம் என்பதால், இரண்டு வாரம் கழித்து வந்து காட்டவும் சொன்னேன். வந்தபோது கீழுதடு முழுக்கப் பொருக்கு, ஓரத்தில் சின்ன வெடிப்பு. பேசும்போது நாக்கால் தடவிக்கொண்டே இருந்தார். மருந்து உள்ளே போகிறது என்று தெரிந்துவிட்டது.

உதடு காய்வது இந்த மருந்தைச் சரியான அளவில் சாப்பிடுகிற கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். முழு அளவு சாப்பிட்டும் உதட்டில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், மாத்திரை விட்டுப்போகிறதா, சாப்பாடு இல்லாமல் போகிறதா என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவது இதனால்தான். குறைந்த அளவு சாப்பிடுபவர்களுக்கு லேசாகத்தான் இருக்கும், அதில் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஏன் உதட்டில் முதலில் வருகிறது? உதட்டின் மேல்தோல் உடம்பின் மற்ற இடங்களைவிட மிக மெல்லியது, அதைக் காக்கும் எண்ணெய்ப் பசையும் குறைவு. இந்த மருந்து எண்ணெயை வற்றச் செய்வதோடு, மேல்தோலின் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் பிடியையும் தளர்த்துகிறது. பிடி தளர்ந்த இடம் வழியாக உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேறுகிறது. அதனால் நிறையத் தண்ணீர் குடித்தால் உதடு சரியாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள். உதட்டுக்கு வேண்டியது ஈரம் வெளியே போகாமல் மூடி வைக்கும் ஒரு பூச்சு.

அந்த வேலைக்கு வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சியது எதுவும் எனக்குத் தெரியாது. வாசனை இல்லாத, நிறம் இல்லாத சாதாரண டப்பா. மாத்திரை தொடங்கும் அன்றே வாங்கி வையுங்கள், வெடித்த பிறகு தேட வேண்டாம். உதட்டை நனைத்து, ஈரம் இருக்கும்போதே அதன் மேல் பூச வேண்டும். சாப்பிட்ட பின், முகம் கழுவிய பின், வெளியே கிளம்பும் முன் என்று நாளில் பல முறை பூச வேண்டும். பல் துலக்கும் முன்பும் உதட்டைச் சுற்றி ஒரு பூச்சு போட்டுக்கொண்டால் பேஸ்ட்டின் நுரை அரிக்காது. படுக்கும்போது கண்ணாடியில் பார்த்தால் பளபளப்பது தெரியும் அளவுக்குத் தடிமனாக. பகலில் வெயிலில் போகிறவர்கள் சன்ஸ்கிரீன் கலந்த லிப் பாம் பூசிக்கொள்வது நல்லது. புதினா, கற்பூரம், பட்டை வாசனை உள்ள லிப் பாம்கள் பூசிய நேரத்தில் குளுகுளு என்றிருக்கும், பிறகு எரிச்சலைக் கூட்டும். காயவைத்துப் பிடிக்கும் மேட் லிப்ஸ்டிக்கை இந்த மாதங்களில் ஒதுக்கி வையுங்கள். வீட்டில் நெய் தடவுவார்கள். அவசரத்துக்குத் தடவலாம், ஆனால் ருசி நாக்கை இழுக்கும்.

நாக்குதான் பெரிய எதிரி. நனைத்த எச்சில் நிமிடத்தில் காயும், காயும்போது இருந்த ஈரத்தையும் இழுத்துக்கொண்டு போகும். சோற்றைச் செரிக்க வைக்கும் எச்சில், வெடித்த உதட்டைச் சும்மா விடாது. பொருக்கைப் பிய்ப்பதும் அப்படித்தான். தூக்கிக்கொண்டு நிற்கும் தோலை நுனிக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள், இழுத்தால் ரத்தம் வரும். இத்தனை செய்தும் உதடு சிவந்து வீங்கினால் சில நாட்களுக்கு மட்டும் மிதமான ஸ்டீராய்டு களிம்பு கொடுப்போம். அதை நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் பூசக் கூடாது. வாயோரம் இரு பக்கமும் புண்ணாகி ஆறாமல் இருந்தால், அல்லது மஞ்சளாகத் தேன் காய்ந்தது போலப் பக்கு கட்டினால், கிருமி புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஜெல்லி போதாது, காட்ட வேண்டும்.

மூக்குக்குள்ளும் இதே வறட்சி வரும். காலையில் சிந்தும்போது ரத்தக் கீற்று தெரியும். இரவில் மூக்கு ஓட்டையின் ஓரத்தில் சுட்டுவிரலால் மெல்லிய பூச்சு போதும், ஏ.சி. அறையில் தூங்குபவர்களுக்கு இது கட்டாயம். கண் உறுத்தினால் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் சில மாதம் கண்ணாடிக்கு மாறுவது நிம்மதி. இரவில் பார்வை மங்கினால் வண்டி ஓட்டாதீர்கள், உடனே சொல்லுங்கள்.

முகத்தைப் பொறுத்தவரை நான் அடிக்கடி காணும் தவறு, பழைய பழக்கத்தை விடாதது. எண்ணெய் வழியும் முகத்தோடு வருடக்கணக்கில் போராடியவர்கள், நாளைக்கு நான்கு முறை பரு ஃபேஸ்வாஷ் போட்டுத் தேய்த்துப் பழகியிருப்பார்கள். மருந்து தொடங்கி எண்ணெய் வற்றிய பிறகும் அதையே செய்கிறார்கள். கடலை மாவு, முல்தானி மட்டி, எலுமிச்சை, ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், சாலிசிலிக் ஆசிட் உள்ள பழைய களிம்புகளையும் மருத்துவர் சொன்னாலொழிய தொடாதீர்கள். நுரை அதிகம் வராத மென்மையான கிளென்சரால் இரு வேளை கழுவினால் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தோலில் ஈரம் இருக்கும்போதே மாய்ஸ்ச்சரைசர் பூச வேண்டும். கிளிசரினோ செராமைடோ உள்ள, துளைகளை அடைக்காத வகை என்று உறையில் போட்டிருப்பதாகப் பாருங்கள். பரு இருக்கும் முகத்தில் க்ரீம் பூசலாமா என்று தயங்குகிறார்கள். இந்த மருந்து சாப்பிடும்போது பூசியே ஆக வேண்டும். அதற்கு மேல் காலையில் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், ஏனென்றால் தோல் சுலபத்தில் வெயிலில் கன்றிப் போகும்.

உடம்பில் புறங்கையும் முன்கையும் முதலில் சொரசொரப்பாகும், சிலருக்குக் காசு காசாகச் சிவந்து அரிக்கும். கொதிக்கும் வெந்நீரில் குளிக்காமல் வெதுவெதுப்பான நீரில் குளித்து, சோப்பை அக்குள், தொடையிடுக்கு, பாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கை கால்களில் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவலாம். முகத்தில் வேண்டாம், அது துளையை அடைக்கும். மருந்து சாப்பிடும் காலத்திலும் நிறுத்திய பின் ஆறு மாதம் வரையிலும் வாக்சிங் செய்யக் கூடாது. பிடி தளர்ந்த தோல் மெழுகோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும், அதன் தழும்பு பருவின் தழும்பைவிட மோசமாக இருக்கக்கூடும்.

வறட்சி அளவைப் பொறுத்தது. எவ்வளவு பூசியும் தாங்க முடியவில்லை என்றால் தினசரி அளவைக் குறைத்து மாதத்தை நீட்டலாம், மொத்தக் கணக்கு கெடாது. நிறுத்திய சில வாரங்களில் உதடு பழைய நிலைக்கு வந்துவிடும். அந்த மாணவருக்கும் அப்படித்தான். வெறும் வயிற்று மாதங்களைப் பாதிக்கும் குறைவாகவே கணக்கில் வைத்து, இரண்டு மாதம் கூடுதலாகக் கொடுத்து முடித்தேன்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய தொந்தரவுகள். சமாளிக்கக் கூடாதவையும் உண்டு. விடாத தலைவலியோடு பார்வை மங்கி வாந்தி வந்தாலும், மேல் வயிற்றில் கடும் வலி வந்தாலும், மனம் காரணமில்லாமல் இருண்டு போனாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். டாக்ஸிசைக்ளின் போன்ற பரு ஆன்டிபயாடிக்குகளை இதோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது, அந்தத் தலைவலிக்கு அது ஒரு காரணம். மதுவை அறவே தவிர்க்க வேண்டும்.

கர்ப்பத்தில் இந்த மருந்து உள்ளே போனால் குழந்தையின் முகம், காது, இதயம், மூளை வளர்ச்சியில் கடுமையான ஊனங்களை உண்டாக்கும். ஒரு சில மாத்திரைகளே போதும். பெண்களுக்குத் தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனையும், ஒரு மாதம் முன்பிருந்து நிறுத்திய ஒரு மாதம் வரை நம்பகமான கருத்தடையும் அவசியம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆண் பெண் யாரானாலும், சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையிலும் ரத்ததானம் செய்யக் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம்.

சிகிச்சை முடிந்து அட்டையில் நான்கைந்து கேப்சூல் மிச்சம் இருந்தால், பரு வந்திருக்கிறதே என்று தங்கைக்கோ தோழிக்கோ கொடுத்துவிடாதீர்கள். உங்கள் எடைக்கும் உங்கள் உடம்புக்கும் எழுதிய மருந்து அது. மிச்சத்தை வாங்கிய மருந்துக் கடையிலோ மருத்துவரிடமோ கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள்.